தவறின் அளவுக்கு ஒரு பதில்



நக்கீரர் கதையை நாம் குற்றம் கண்டவரின் பக்கம் நின்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். குற்றம் சுட்டப்பட்டவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்டால், கதையில் அந்தப் பதில் நெருப்பாக வருகிறது. அதற்கு மேல் நாம் யோசிப்பதில்லை. இன்று நான் மறுபக்கத்தில் நின்று பேச விரும்புகிறேன். விமர்சனம் கடுமையானது. ஆனால் அது சுட்டிய தவறு உண்மையானது. அப்போது எழுதியவர் பொதுவெளியில் என்ன பதில் எழுத வேண்டும்? இதற்கு நான் எடுத்துக்கொண்ட சான்று 2017 பிப்ரவரியில் டேனியல் கானெமன் எழுதிய பதில். அச்சிட்டால் ஒன்றரைப் பக்கம் தேறும். கானெமன் உளவியலாளர், 2002இல் பொருளாதாரத்துக்கான நோபெல் பரிசு பெற்றவர். அந்தப் பதிலைப் பெருந்தன்மை என்று ஒரே சொல்லில் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். எனக்கு அந்தச் சொல் போதவில்லை. அந்தப் பதிலின் நிதானம் அளவிலிருந்து வருகிறது என்பது என் கட்சி. தன் வாதத்தில் எந்தப் படி உடைந்தது என்று தேடிப் பிடித்து, அந்த உடைவின் அளவுக்கு ஒப்புக்கொள்கிறது. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. இதைக் காட்ட வேண்டுமானால் அந்தத் தவறுக்குள்ளேயே கொஞ்ச தூரம் போய்வர வேண்டும்.

கானெமன் 2011இல் வெளியிட்ட 'திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ' உலகெங்கும் விற்ற புத்தகம். அதன் நான்காம் அத்தியாயம் 'ப்ரைமிங்' என்னும் முன்தூண்டலைப் பற்றியது. நம் கண்ணில் படும் ஒரு சொல், நாம் அறியாமலே, அடுத்து நாம் செய்வதை மாற்றிவிடும் என்பது அதன் சாரம். அதில் வரும் சோதனைகளில் பெயர்பெற்றது ஜான் பார்க் என்பவரும் அவருடைய இரண்டு சகாக்களும் 1996இல் வெளியிட்டது. கல்லூரி மாணவர்களிடம் கலைந்து கிடக்கும் ஐந்து சொற்களைக் கொடுத்து, அவற்றில் நான்கை எடுத்து ஒரு வாக்கியம் அமைக்கச் சொன்னார்கள். ஒரு குழுவுக்குக் கொடுத்த சொற்களில் முதுமையை நினைவூட்டும் சொற்கள் கலந்திருந்தன: நரை, சுருக்கம், ஓய்வுபெற்ற அமெரிக்கர்கள் போய்க் குடியேறும் ஃபுளோரிடா. 'மெதுவாக' என்ற சொல் மட்டும் கவனமாகத் தவிர்க்கப்பட்டிருந்தது. வேலை முடிந்து மாணவர் வெளியே வந்து தாழ்வாரத்தில் பத்து மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தை நடக்கும் நேரத்தை, அவருக்குத் தெரியாமல் ஒருவர் கடிகாரம் வைத்து அளந்தார். முதுமைச் சொற்களைப் பார்த்தவர்கள் ஏறத்தாழ ஒரு விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டார்கள். சோதனைக்கு வந்தவர்கள் முப்பது பேர். மறுமுறை இன்னொரு முப்பது பேர். இந்த முப்பது என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட சோதனைகளை அடுத்தடுத்து விவரித்துவிட்டு, இவற்றை நம்பாமல் ஒதுங்கி நிற்க உங்களுக்கு இடமில்லை என்ற அளவுக்கு வாசகரிடம் உறுதியாகப் பேசினார் கானெமன். பின்னால் வந்த விமர்சனத்துக்குக் கூர் கொடுத்தது அந்த உறுதிதான். தயங்கிச் சொன்ன கருத்து தவறினால் யாரும் இவ்வளவு கோபப்பட மாட்டார்கள்.

புத்தகம் வந்த அடுத்த ஆண்டே, 2012இல், பிரஸ்ஸல்ஸ் நகர ஆய்வாளர்கள் சிலர் அந்த நடைச் சோதனையைத் திரும்பச் செய்தார்கள். இம்முறை 120 பேர். கடிகாரத்துக்குப் பதிலாக அகச்சிவப்புக் கதிர் உணர்கருவி. நடையில் வேறுபாடு தெரியவில்லை. பிறகு சோதனையை நடத்துபவர்களில் பாதிப் பேரிடம் மட்டும், வருகிறவர்கள் மெதுவாக நடப்பார்கள் என்ற எதிர்பார்ப்பை முன்கூட்டியே ஊட்டிவிட்டுப் பார்த்தார்கள். அப்போது, அந்த எதிர்பார்ப்பு கொண்டவர்கள் நடத்திய சோதனைகளில் மட்டும், மெதுநடை தென்பட்டது. இதற்குப் பார்க் பொதுவில் ஒரு பதில் எழுதினார். அதில் பேச வேண்டிய வாதம் ஒன்று இருந்தது: முதுமைச் சொற்களை அளவுக்கு மீறித் திணித்தால் மாணவர் விழித்துக்கொள்வார், விழித்துக்கொண்டால் விளைவு போய்விடும் என்பது. ஆனால் அந்த வாதத்தைச் சுற்றி வேறு பல வந்து நின்றன. ஆய்வாளர்களின் திறமை மீது ஐயம். அவர்கள் கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழ் காசு வாங்கிக்கொண்டு போடும் இதழ், அங்கே முறையான மதிப்பாய்வு இல்லை என்ற குற்றச்சாட்டு. அதைப் பற்றி எழுதிய அறிவியல் பத்திரிகையாளர் மீது சாடல். மதிப்பாய்வு முறையாக நடக்கிறது என்று அந்த இதழின் பதிப்பாளர் மறுத்து எழுத வேண்டிவந்தது. நடந்த நடையைப் பற்றிய பேச்சு இதழைப் பற்றிய பேச்சாகத் திரும்பிவிட்டது. பார்க்கின் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. பதினாறு ஆண்டுகளாக நின்ற ஒரு சோதனை அது. ஆனால் அவருடைய ஒரே நல்ல வாதத்தை அவருடைய மற்ற வாதங்களே மூடிவிட்டன. வாசகருக்கு நினைவில் தங்கியது சாடல்தான்.

இனி 2017க்கு வருவோம். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் உல்ரிச் ஷிம்மாக்கும் வேறு இருவரும் கானெமனின் நான்காம் அத்தியாயத்தை மட்டும் எடுத்து ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு ரயில் விபத்தின் தடயங்களைச் சேர்த்துப் பார்க்கிறோம் என்ற பொருளில் தலைப்பு. அந்த 'ரயில் விபத்து' என்ற சொல் கானெமனுடையதே. முன்தூண்டல் ஆய்வாளர்களை எச்சரித்து 2012இல் அவர் எழுதிய கடிதத்தில் வந்தது. அவர் சொல்லை எடுத்து அவர் மேலேயே போட்டார்கள். அத்தியாயத்தில் சான்றாக வந்த ஆய்வுகளின் நம்பகத்தன்மைக்கு ஷிம்மாக் தாமே வகுத்த ஒரு குறியீட்டெண் முறைப்படி நூற்றுக்குப் பதினான்கு மதிப்பெண் போட்டார்கள். இந்த அத்தியாயத்தில் உள்ள சோதனைகளை அறிவியல் சான்றாகக் கொள்ள வேண்டாம் என்று வாசகர்களுக்கு நேரடியாகவே சொன்னார்கள். நோபெல் பரிசு பெற்றவரின் அத்தியாயத்துக்குப் பள்ளிக்கூடத்துத் தோல்வி மதிப்பெண்! மழுப்பல் இல்லாத, சற்று உறைக்கிற நடைதான்.

அதே மாதத்தில் கானெமன் பதில் எழுதினார். விமர்சனத்தின் தொனியைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. எழுதியவர்கள் யார், எங்கே வெளியிட்டார்கள், அந்தக் குறியீட்டெண் உலகம் ஒப்புக்கொண்ட முறையா என்ற கேள்விகளும் இல்லை. கடைசிக் கேள்வியை அவர் கேட்டிருக்கலாம். கேட்க இடமும் இருந்தது. கேட்டிருந்தால் பேச்சு எண்ணைச் சுற்றிப் போயிருக்கும், தவறு அப்படியே கிடந்திருக்கும். வலுவில்லாத சோதனைகள் மீது தாம் மிகையாக நம்பிக்கை வைத்துவிட்டதாகவும், விமர்சனம் அதில் முற்றிலும் சரி என்றும் எடுத்த எடுப்பிலேயே சொல்கிறார். ஆண்ட்ரூ கெல்மன் என்ற புள்ளியியலாளர் இதன் ஒரு கூறை முன்பே சுட்டியிருந்ததையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். அதன்பின் செய்வதுதான் முக்கியம். அத்தியாயத்தை எழுதியபோது தம் மனத்தில் ஓடிய வாதத்தை வெளியே எடுத்து வைக்கிறார். அந்த வாதம் இது: ஒரு முடிவு முதற்பார்வையில் நம்ப முடியாததாக இருக்கலாம், ஆனால் தரமான இதழ்களில் வந்த ஏராளமான ஆய்வுகள் அதை ஆதரித்தால், நம்பித்தான் ஆக வேண்டும். இந்தக் கொள்கை இப்போதும் எனக்குச் சரியாகவே படுகிறது, பருவநிலை மாற்றத்தை மக்கள் ஏற்க வேண்டும் என்று நான் நினைப்பதும் இதனால்தான் என்கிறார். ஆனால் சாதகமாக வந்த முடிவுகளும் பாதகமாக வந்தவையும் எல்லாமே வெளியாகியிருந்தால்தான் இந்தக் கொள்கை செல்லும். அந்த நிபந்தனையைத் தாம் சோதித்துப் பார்க்கவில்லை என்பதே அவர் சொல்வது. உடைந்த படி அகப்பட்டுவிட்டது.

அது எப்படி உடைகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒரு குளத்தில் மீன் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் வலையில் பெரிய ஓட்டைகள். இரண்டு முறை வீசினால் ஒரு முறைதான் மீன் சிக்கும். ஆய்வுத் துறையில் இதைச் சோதனையின் வலு என்பார்கள்: விளைவு உண்மையில் இருக்கும்போது அதைப் பிடித்துவிடும் வாய்ப்பு எவ்வளவு என்பது. முப்பது பேரை வைத்து ஒரு நுட்பமான விளைவைத் தேடுவது ஓட்டை வலையை வீசுவது போலத்தான். இப்போது ஒருவர் வந்து, பத்து முறை வீசினேன், பத்து முறையும் மீன் என்கிறார். பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள வலை பத்து முறையும் தவறாமல் பிடிப்பதற்கான வாய்ப்பு ஆயிரத்து இருபத்து நான்கில் ஒன்று. வலை நல்ல வலை, ஐந்துக்கு நான்கு முறை பிடிக்கும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், பத்துக்குப் பத்து என்பது பத்தில் ஒரு வாய்ப்புக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. ஆகவே வெறுங்கையோடு திரும்பிய வீச்சுகளை அவர் கணக்கில் சொல்லவில்லை, அல்லது பாசியையும் மீன் என்று எண்ணியிருக்கிறார். ஆய்வுலகில் முதலாவதற்கு இழுப்பறைச் சிக்கல் என்று பெயர். பிடிக்காத முடிவுகள் மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடுகின்றன. இரண்டாவது, விரும்பிய முடிவு வரும்வரை தரவுகளைப் பல விதமாகக் கூறுபோட்டுப் பார்ப்பது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குளத்தில் மீன் இல்லை என்று நாம் எங்கும் சொல்லவில்லை. மீன் இருந்தாலும் இந்தக் கணக்கு நம்ப முடியாத கணக்குதான்.

கானெமனை அந்த அத்தியாயத்தை எழுத வைத்தது தனியொரு சோதனை அன்று. சோதனைகள் சிறியவை, தனித்தனியே எதுவும் முடிவானது இல்லை, விளைவுகள் கொஞ்சம் பெரிதாகவே தெரிகின்றன என்பதெல்லாம் தமக்கு முன்பே தெரியும் என்று பதிலில் சொல்கிறார். பல ஆய்வகங்களிலிருந்து வந்த முடிவுகள் எல்லாம் ஒரே குரலில் பேசியதே அவரை ஈர்த்தது. நாம் இப்போது பார்த்த கணக்குப்படி, ஐயத்தைக் கிளப்ப வேண்டியதே அந்த ஒரே குரல்தான். எதைத் தம் பலம் என்று நினைத்தாரோ அதுவே எதிர்த்தரப்பின் சாட்சி. இந்த வாதத்திலிருந்து தப்ப வழியில்லை என்று தாமே எழுதுகிறார். இன்னும் ஒரு படி மேலே போய், பல ஆய்வுகளைக் கூட்டிச் சராசரி எடுப்பதும், ஒரே கருத்தை வேறு வேறு விதமாகச் சோதித்துப் பார்ப்பதும் கூட இதனால் பழுதாகின்றன என்று சேர்க்கிறார். இழுப்பறைக்குள் போனதைக் கூட்ட முடியாது அல்லவா? விமர்சகர் கேட்டதைவிடக் கூடுதலாக இங்கே அவர் விட்டுக்கொடுக்கிறார் என்று தோன்றும். அது விட்டுக்கொடுத்தல் இல்லை. ஒரு படி உடைந்தால் அதன்மேல் நிற்பவையும் சரியும் என்ற கணக்கு.

இந்தத் தவறில் ஒரு விநோதமும் உண்டு, அதை அவரே முன்னால் எடுத்து வைக்கிறார். கானெமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் சேர்ந்து எழுதிய முதல் ஆய்வுக் கட்டுரை 1971இல் வந்தது, எழுதியது 1969இல். சிறிய எண்ணிக்கையை வைத்துக்கொண்டு பெரிய நம்பிக்கை கொள்ளும் ஆய்வாளரின் பழக்கம்தான் அதன் பொருள். அதில் தொழில்முறை உளவியலாளர்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். இருபது பேரை வைத்து ஒரு சோதனை செய்தீர்கள், உங்கள் கருதுகோளுக்குச் சாதகமான முடிவு கிடைத்தது. இன்னும் பத்துப் பேரை வைத்துத் திரும்பச் செய்தால் அவர்களிடமும் அதே முடிவு தேறும் வாய்ப்பு எவ்வளவு? பதில்களின் நடுமதிப்பு நூற்றுக்கு எண்பத்தைந்து. நியாயமான கணக்குப்படி வர வேண்டியதோ நாற்பத்தெட்டு. ஏறக்குறைய நம் ஓட்டை வலை. ஆக, நான்காம் அத்தியாயத்தைச் சோதிக்கத் தேவையான கருவி நாற்பது ஆண்டுகளாக அவர் வீட்டிலேயே இருந்தது. அந்தக் கட்டுரையின் செய்தியைத் தாம் உள்வாங்கவில்லை என்று வெளிப்படையாக எழுதுகிறார். அறியாமையால் நேர்ந்தது என்று சொல்லித் தப்பும் வழியைத் தாமே அடைத்துக்கொள்கிறார்: ஆர்வத்தை அடக்கிக்கொள்ளத் தேவையான எல்லாம் தெரிந்திருந்தும் யோசித்து முடிக்கவில்லை என்பது அவர் தரும் விளக்கம். 'அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள்' என்ற வாக்கியம் அந்த இடத்தில் எவ்வளவு இயல்பாக வந்து உட்கார்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அது பொய்யாகவும் இருந்திருக்காது. ஆனால் அவரைப் பொறுத்தவரை பொருத்தமாகவும் இருந்திருக்காது.

இங்கே ஒரு தடை எழும். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட மனிதர், பதிலின் பிற்பகுதியில், செயல்களை முன்தூண்ட முடியும் என்று தாம் இன்னமும் நம்புவதாகச் சொல்கிறார். மேற்கோள் காட்டிய சோதனைகள் மீது தமக்கு இன்னும் பற்று உண்டு, அவற்றை நம்பாமல் இருக்க இன்னும் பழகவில்லை என்றும் சொல்கிறார். இது ஒரு கையால் கொடுத்து மறுகையால் பிடுங்குவது ஆகாதா? ஆகாது என்றே நினைக்கிறேன். விமர்சனம் நிறுவியது சான்றின் பலவீனத்தை. விளைவே இல்லை என்று அது நிறுவவில்லை; ஓட்டை வலை குளம் காலி என்று காட்டாது. ஒரு சொல்லைப் பார்த்தால் அதோடு உறவுள்ள சொல் மனத்தில் விரைவாக எழுவதும், உணராமல் கண்ணில் பட்டதை மூளை ஓரளவு கையாள்வதும் வேறு சான்றுகளால் நிற்பவை. அவற்றிலிருந்து செயலுக்கு ஒரு மறைமுக வழி உண்டு என்பது அவர் வாதம். அதோடு எதை மாற்றிக்கொண்டார் என்பதையும் சொல்கிறார்: விளைவின் அளவையும் உறுதியையும் பற்றிய கருத்தை. அத்தியாயம் காட்டிய அளவுக்கு அவை பெரியவையாகவோ திடமானவையாகவோ இருக்க முடியாது என்கிறார். ஒவ்வொரு சோதனையையும் பெரிய எண்ணிக்கையில் யாராவது திரும்பச் செய்தால் மகிழ்வேன் என்றும் எழுதுகிறார். பற்று இருக்கிறது என்று ஒத்துக்கொண்டு அதைச் சோதனைக்குத் திறந்துவைப்பது மழுப்பல் ஆகாது. 'எல்லாம் என் தவறு, அத்தியாயத்தையே மறந்துவிடுங்கள்' என்று சொல்லியிருந்தால் கைதட்டல் கூடுதலாகக் கிடைத்திருக்கும். ஆனால் அது இன்னொரு அளவுப் பிழை. சான்றுக்கு மீறி நம்பியவர் சான்றுக்கு மீறி மறுப்பதாக முடிந்திருக்கும். மறைமுக வழி பற்றிய அந்த வாதம் சற்று மெலிந்தது என்பது என் எண்ணம். படிகள் தனித்தனியே உறுதியாக இருப்பதால் ஏணி நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அது திறந்த வாதம். யாரும் எடுத்து மறுக்கலாம்.

இன்னொரு தடை, இழக்க ஒன்றும் இல்லாதவருக்கு இதெல்லாம் எளிது என்பது. அப்போது அவருக்கு வயது எண்பத்திரண்டு. பரிசும் புகழும் கையில். வேலை நிரந்தரமாகாத ஓர் இளம் ஆய்வாளர் இப்படி எழுத முடியுமா? நியாயமான கேள்வி. பாதுகாப்பு இருந்தால் ஒப்புக்கொள்வது எளிது என்பதை ஏற்கிறேன். ஆனால் பாதுகாப்பு ஒருவரை ஒப்புக்கொள்ள வைக்கும் என்பதற்கு நம் சான்றிலேயே ஆதரவு இல்லை. 2012இல் பார்க்கும் யேல் பல்கலைக்கழகத்தில் நிலைபெற்ற பேராசிரியர்தான். மேலும் இந்தப் பதிலைப் பயனுள்ளதாக்கிய பகுதி வாதத்தைத் திரும்ப நடந்து பார்த்த பகுதி. அதற்குப் பதவி தேவைப்படுவதில்லை. கடுமையாகப் பேசினால்தான் காரியம் நடக்கும் என்று இது விமர்சகர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிடாதா என்ற கவலையும் உண்டு. அதற்கு நீண்ட பதில் தேவையில்லை. கானெமன் விடை சொன்னது கணக்குக்கு. கடுமைக்கு அவர் எதுவும் கொடுக்கவில்லை, திட்டக்கூட இல்லை.

மூன்றாவது தடைக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அதை மறைக்கவும் போவதில்லை. காலம் பற்றியது அது. கானெமன் 2012 செப்டம்பரிலேயே முன்தூண்டல் ஆய்வாளர்களுக்கு அந்தப் பொதுக்கடிதத்தை எழுதிவிட்டார். உங்கள் துறை மீது ஐயம் சூழ்ந்திருக்கிறது, ஆய்வகங்கள் ஒரு சங்கிலியாகச் சேர்ந்து ஒருவர் சோதனையை அடுத்தவர் திரும்பச் செய்து பாருங்கள் என்று யோசனையும் சொன்னார். நல்ல யோசனை. ஆனால் அது அவர்கள் வீட்டைச் சுத்தம் செய்யச் சொன்ன கடிதம். தம் அத்தியாயத்தின் வாசகர்களுக்கு எழுதியது அன்று. ஐயம் வந்தபோது, அந்த ஆய்வாளர்கள் வலுவான சான்றோடு வருவார்கள் என்று காத்திருந்ததாகவும் அவர்கள் வரவில்லை என்றும் 2017 பதிலில் சொல்கிறார். காத்திருந்தது இயல்பு. ஆனால் நான் மேலே போட்ட பெருக்கல் கணக்குக்குப் புதிய சோதனை எதுவும் தேவைப்படவில்லை. 2012இலும் அது அதே விடையைத்தான் தந்திருக்கும். இடையில் ஓடிய நான்கரை ஆண்டுகளில் அந்தப் புத்தகத்தை வாங்கியவர்கள், நம்பாமல் இருக்க உங்களுக்கு இடமில்லை என்ற உறுதியையும் சேர்த்தே வாங்கிச் சென்றார்கள். துறையைத் தொகுத்து எழுதுகிறவர்கள், வலுவற்ற ஆய்வுகளின் மறக்க முடியாத முடிவுகளைச் சான்றாக எடுப்பதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று அவர் பதிலை முடிக்கிறார். அந்தப் பதில் ஓரிடத்தில் இருக்கிறது. 2011இல் அச்சான பிரதி இன்னோரிடத்தில், ஏதோ ஒரு வீட்டு அலமாரியில். அங்கே அதன் நான்காம் அத்தியாயத்தில், அந்த முப்பது பேரில் முதுமைச் சொற்களைப் பார்த்த மாணவர்கள் இன்றும் தாழ்வாரத்தில் மெதுவாகத்தான் நடந்துகொண்டிருக்கிறார்கள்.